அஞ்சு லிங்க், அஞ்சு குறிப்பு: வாராந்திரத் தொகுப்பு எழுதுற வேலை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, காதில் கேட்டால் புரியாத முகவரிகளை மட்டும் எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.)

ஞாயித்துக்கிழமை காலையில நான் போடுற "இந்த வாரம் படிச்சது" தொகுப்பை எப்படித் தயார் பண்றேன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. நீங்களும் ஒண்ணு ஆரம்பிக்கணும், லிங்க் சேர்க்கிறது சுலபமா இருக்கு, கூட என்ன எழுதுறதுன்னுதான் தெரியலன்னு சொன்னீங்க. அதனால இந்த எபிசோடு முழுக்க அந்தக் குறிப்பைப் பத்தி மட்டும்தான். ஒரு லிங்க்குக்குக் கீழ வர்ற நாலஞ்சு வரி. அதுல என்ன இருக்கணும், எங்க தப்பு நடக்கும், நடந்தா என்ன செய்யணும்.

நான் பண்ணின தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கு. பட்டாசு வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. அன்னைக்கு சாயங்காலமே "பட்டாசுக்கு முழுத் தடை இல்லை" என்கிற பொருள்ல எல்லாப் பக்கமும் தலைப்பு வந்தது. நான் அதுல ஒரு நாளிதழ்க் கட்டுரையை எடுத்து, ஞாயித்துக்கிழமைத் தொகுப்புல முதல் லிங்க்கா வெச்சேன். கீழ எழுதின குறிப்பு இவ்வளவுதான்:

"பட்டாசுக்கு முழுத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நம்ம ஊருக்கு நல்ல செய்தி. அவசியம் படிங்க."

தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சிவகாசிப் பக்கம் ஒரு பயர் ஆபீஸ்ல கம்பி மத்தாப்புப் பிரிவுல வேலை பார்க்கிற ஒரு அக்கா. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன், எங்க பக்கம் பட்டாசு ஆலையை பயர் ஆபீஸ்னுதான் சொல்வோம். அவங்க பேசினது ஏறக்குறைய இப்படி: "தம்பி, தடை இல்லைன்னு நீ போட்டதைப் பார்த்துட்டு, தீபாவளி கழிச்சு வேலை எப்படியும் இருக்கும்னு நம்பி எங்க வீட்டுக்காரர் வெளியில கடன் வாங்கிட்டாரு. இப்பப் போய்க் கேட்டா பச்சை உப்பு கூடாதுன்னு ஆர்டர்ல இருக்காம், மத்தாப்பு ரூமைத் திறக்கலையாம். நீ அந்தக் கட்டுரையைப் படிச்சியா, தலைப்பை மட்டும் படிச்சியா?"

நான் முதல் நாலு பத்தி படிச்சிருந்தேன். பேரியம் பத்தின வரி அதுக்குக் கீழ இருந்தது.

அந்த உத்தரவுல இருந்தது என்னன்னா, பட்டாசுக்கு மொத்தமா தடை இல்லை. பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை உண்டு. பேரியம் நைட்ரேட்டைத்தான் எங்க ஊர்ல பச்சை உப்புன்னு சொல்வாங்க. பச்சை நிற வெளிச்சம் வர்றதுக்கு அது வேணும். மத்தாப்பு மாதிரியான ஐட்டங்கள்ல மருந்து எரியத் தேவையான ஆக்சிஜனைக் கொடுக்கிறதும் அதுதான். கடையில பட்டாசு வாங்குறவருக்கு "முழுத் தடை இல்லை" என்பது சரியான செய்தி. மத்தாப்புக் கம்பியை மருந்துல முக்கி எடுக்கிறவங்களுக்கு அதே உத்தரவு தடை. ஒரே கட்டுரையில ரெண்டும் இருந்தது. நான் ஒண்ணை மட்டும் எடுத்து, அதுக்கு மேல "நல்ல செய்தி"ன்னு ஒரு முத்திரையும் குத்தி அனுப்பிட்டேன்.

அந்த மூணு வரிக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதல் வரி, தலைப்பையே வேற வார்த்தையில சொல்லுது. ரெண்டாவது என் உணர்ச்சி. மூணாவது வரியை உலகத்துல எந்த லிங்க்குக்குக் கீழயும் ஒட்டலாம். இதுல இருந்துதான் எனக்கு ஒரு சோதனை கிடைச்சது: இந்தக் குறிப்பைக் கட்டுரையைத் திறக்காமலே எழுதியிருக்க முடியுமா? முடியும்னா, அது குறிப்பே இல்லை. முழுசாப் படிச்ச ஒருத்தருக்கு மட்டும் தெரியுற ஒரு விஷயமாவது அதுல இருக்கணும். வாசகர் நமக்காகச் செலவழிக்கிற நேரத்துக்கு நாம திருப்பித் தர்றது அது ஒண்ணுதான்.

இது புதுப் பிரச்சினை கிடையாது. தமிழ்ல இதே வேலையை ரெண்டு இடத்துல ரெண்டு விதமா பண்ணியிருக்காங்க.

ஒண்ணு, வலைச்சரம். தமிழ் வலைப்பதிவுகள் உச்சத்துல இருந்த காலத்துல நடந்த ஒரு கூட்டு முயற்சி. ஒவ்வொரு வாரமும் ஒரு பதிவர் "ஆசிரியர்" பொறுப்பை எடுத்துக்கிட்டு, அந்த வாரம் முழுக்க மத்தவங்க எழுதினதை அறிமுகப்படுத்துவார். நான் அந்தக் காலத்து ஆள் இல்லை. பின்னாடிதான் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் படிச்சேன். அதுல ரெண்டு வகை தெரியுது. சில பக்கங்கள்ல ஒரே நாள்ல பத்துப் பதினஞ்சு பேரைச் சொல்லி, ஒவ்வொருத்தருக்கும் "அருமையாக எழுதுகிறார்" மாதிரி ஒரு வரி. அன்னைக்கு அது ஒரு பெரிய உதவிதான். புதுசா எழுத வந்தவங்களுக்கு ஒரே வாரத்துல வாசகர் கிடைச்சிருப்பாங்க. ஆனா இன்னைக்குப் படிக்கிறப்போ அந்த வரிகள்ல எடுத்துக்க ஒண்ணும் இல்லை. லிங்க்குல பாதி செத்துப்போச்சு. லிங்க் போனதும் வரியும் போயிடுச்சு. இன்னொரு வகை, ஒரு பதிவுல என்ன இருக்கு, தன்னை எந்த இடம் நிறுத்திச்சுன்னு நாலு வரி எழுதினவங்க. அவங்க சொன்ன பதிவு இப்போ திறக்கலைன்னாலும் அந்த நாலு வரி இன்னும் ஏதோ சொல்லுது. லிங்க் செத்த பிறகும் குறிப்பு நிக்குதாங்கிறது ரெண்டாவது சோதனை.

இன்னொண்ணு, இலக்கியச் சிந்தனை. 1970-ல சென்னையில ஆரம்பிச்ச அமைப்பு. மாசாமாசம் பத்திரிகைகள்ல வர்ற சிறுகதைகளைப் படிச்சு, அதுல ஒண்ணை அந்த மாசத்தோட சிறந்த கதையாத் தேர்வு செய்வாங்க. அப்படி வந்த பன்னிரண்டு கதையும் வருஷாவருஷம் புத்தகமாவும் வந்திருக்கு. இதுல எனக்குப் பிடிச்சது அளவுதான். ஒரு மாசத்துக் கதைகள்ல ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணைச் சொல்ல மத்த எல்லாத்தையும் படிச்சாகணும், "ஏன் இது?"ங்கிற கேள்விக்குப் பதில் இருக்கணும். வாசகர் படிக்காம விட்டதையும் சேர்த்துப் படிக்கிறதுதான் தேர்வு செய்றவரோட வேலை.

இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் இப்போ வாரம் எப்படி ஓட்டுறேன்னு சொல்றேன்.

திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சேர்க்கிற வேலை மட்டும். ஒரு கட்டுரையைச் சேமிக்கும்போதே பக்கத்துல ஒரு வரி எழுதிடுவேன்: இதை ஏன் எடுத்தேன்? "கிடங்குக்கும் கலவை ரூமுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்ங்கிறதைக் கேட்ட ஒரே ரிப்போர்ட்" அப்படிங்கிற மாதிரி. வாரக் கடைசியில என்கிட்ட இருபது, இருபத்தஞ்சு இருக்கும். சனிக்கிழமை அந்த ஒத்தை வரிகளை மட்டும் படிப்பேன். எந்த வரி "நல்லா இருக்கு" என்கிற அளவுல நிக்குதோ, அதை எடுத்துடுவேன். பாதி இப்படியே போயிடும்.

மிச்சத்துல அடுத்த பிரச்சினை, ஒரே செய்தியோட நகல்கள். பட்டாசு பெல்ட்டுல ஏதாவது நடந்தா ஒரே நாள்ல முப்பது பக்கத்துல செய்தி வரும். ஆனா உண்மையில இடத்துக்குப் போய் எழுதினது ரெண்டோ மூணோதான்; மத்ததெல்லாம் செய்தி நிறுவனத்துல இருந்து வாங்கினதோ, அதை மாத்தி எழுதினதோ. மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கட்டுரையில கொஞ்சம் வித்தியாசமா இருக்கிற ஒரு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள்ள வெச்சுத் தேடணும். அதே வாக்கியம் எங்கெல்லாம் இருக்கோ எல்லாம் வந்துடும். அதுல எது நேரத்தால முந்தினது, எதுல நிருபர் பெயர் இருக்கு, எதுல உள்ளூர்க்காரர் பேசியிருக்கார்னு பார்த்தா மூலம் தெரிஞ்சிடும். லிங்க் அதுக்குத்தான் போகணும். வாட்ஸ்ஆப்ல பெயர் இல்லாம சுத்துற பாதிக் கட்டுரைகளுக்கும் இப்படித்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிக்க முடியலன்னா அந்தக் கட்டுரை தொகுப்புல வராது, எவ்வளவு நல்லா இருந்தாலும்.

கடைசியா அஞ்சு நிக்கும். அந்த அஞ்சையும் சனிக்கிழமை மறுபடி, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிப்பேன். எனக்கு இதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். பத்து லிங்க் போட்டா அந்த ரெண்டாவது வாசிப்பு நடக்காது, அதனாலதான் அஞ்சு.

இப்போ குறிப்புக்கு வருவோம். என் தப்பையே எடுத்துத் திருத்திக் காட்டுறேன். அதே 2021 கட்டுரைக்கு, அதே ஞாயித்துக்கிழமை, நான் எழுதியிருக்க வேண்டியது இது:

"அக்டோபர் 29 உத்தரவைப் பற்றி மறுநாள் வந்த கட்டுரை. முழுத் தடை இல்லை என்பது தலைப்பு. ஆனால் பேரியம் உப்பு சேர்ந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை உண்டு; 2018-லேயே வந்த தடைதான், இப்போது மீண்டும் உறுதியாகியிருக்கிறது. புதிதாக அழுத்திச் சொல்லப்பட்டிருப்பது, மீறல் நடந்தால் தலைமைச் செயலாளரிலிருந்து காவல் நிலைய அதிகாரி வரை தனிப்பட்ட பொறுப்பு என்பது. எனவே இந்த முறை சோதனை கடுமையாகலாம். இது என் ஊகம். கட்டுரை வாங்குபவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. மத்தாப்புப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு உரியது ஐந்தாவது பத்தியில் ஒரே ஒரு வரி."

கிட்டத்தட்ட அறுபது வார்த்தை. இதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க.

முதல்ல, கட்டுரையில புதைஞ்சு கிடந்ததை மேல கொண்டு வந்திருக்கு. பத்திரிகைக்காரர் தன் வாசகருக்கு எது முக்கியமோ அதைத் தலைப்பாக்குவார். அதுல தப்பு இல்லை. ஆனா என் தொகுப்பைப் படிக்கிறவங்க விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம். அவங்களுக்கு எந்தப் பத்தி முக்கியம்னு எனக்குத் தெரியணும். எந்தப் பத்தின்னு சொல்லிட்டா, போன்ல படிக்கிறவர் நேரா அங்க போயிடுவார்.

ரெண்டாவது, கட்டுரையில இல்லாத ஒண்ணு சேர்ந்திருக்கு: இந்தத் தடை 2018-ல இருந்தே இருக்குங்கிறது. அந்த வருஷம் அக்டோபர் 23-ம் தேதித் தீர்ப்புலதான் பேரியம் உப்பும் சரவெடியும் தடைக்கு வந்தது. இந்த ஒரு வரி இருந்தா, "புதுசா ஏதோ வந்துடுச்சு"ன்னு பதற்றமும் வராது, "ஒண்ணுமே இல்லை"ன்னு அலட்சியமும் வராது. இதை நான் அறிவாளின்னு காட்ட எழுதலை. ரெண்டு வருஷமா ஒரே விஷயத்தைத் தொடர்ந்து படிக்கிறவனுக்கு, அன்னைக்கு மட்டும் படிக்கிறவரைவிடக் கூடுதலாத் தெரிஞ்சிருக்கும். குறிப்போட மதிப்பு பெரும்பாலும் அங்க இருந்துதான் வருது. அதனால உங்களுக்குத் தெரியாத துறையில இருந்து லிங்க் எடுக்காதீங்க. எடுத்தா, நீங்க வாசகரா மட்டும் பேசுங்க.

மூணாவது, எது கட்டுரை சொன்னது, எது நான் சொல்றதுங்கிற கோடு. "இது என் ஊகம்"னு மூணு வார்த்தை. குறிப்புல அடிக்கடி நடக்கிற தப்பு இதுதான்: நம்ம கருத்தைக் கட்டுரை மேல ஏத்திடறது. வாசகர் பாதிப் பேர் லிங்க்கைத் திறக்க மாட்டாங்க. குறிப்பை வெச்சே "இன்னார் இப்படி எழுதியிருக்கார்"னு அடுத்தவர்கிட்ட சொல்வாங்க. அந்த எழுத்தாளர் சொல்லாததை அவர் பெயர்ல நாம பரப்பினதா ஆயிடும்.

"நல்ல செய்தி" என்கிற வார்த்தையை எடுத்துட்டேன், கவனிச்சீங்களா? யாருக்கு நல்லதுங்கிறதை வாசகர் முடிவு பண்ணிக்குவார்.

சரி, கட்டுரையில தப்பு இருந்தா? தப்பு இருக்கிற கட்டுரையையும் லிங்க் பண்ணலாம், தப்பு இதுன்னு குறிப்பா சொன்னா. பசுமைப் பட்டாசு பத்தின கட்டுரைகள்ல இது அடிக்கடி வரும். "புகையே வராத பட்டாசு"ன்னு எழுதியிருப்பாங்க. சி.எஸ்.ஐ.ஆர்-நீரி சொல்றது, வழக்கமான பட்டாசைவிடக் குறைந்தபட்சம் 30 சதவீதம் துகள் குறைவுன்னுதான். புகை உண்டு. கட்டுரையோட மத்த பகுதி, ஒரு சின்ன ஆலை புதுக் கலவைக்கு மாறப் பட்ட பாட்டைச் சொல்றது, ரொம்ப நல்லா இருக்குன்னு வெச்சுக்கோங்க. அப்போ குறிப்பு இப்படி: "இரண்டாவது பத்தியில் 'புகையே வராது' என்பது சரியில்லை; நீரியின் கணக்கு குறைந்தது 30 சதவீதக் குறைப்பு. அதைத் தாண்டி, கலவை மாற்றத்துக்கு ஒரு சின்ன முதலாளி என்ன செலவு செய்தார் என்பதற்காகப் படிக்கலாம்." தப்பை எந்த இடம், எது சரின்னு சொல்லணும். "சில தகவல் பிழைகள் உண்டு"ன்னு பொதுவா எழுதினா, வாசகர் கட்டுரை மொத்தத்தையும் சந்தேகப்படுவார். எழுதினவருக்கு அது அநியாயம்.

அடுத்தது தேதி. வாராந்திரத் தொகுப்புல நிறைய கெட்டுப்போறது இங்கதான்.

2018-ஐயே பார்ப்போம். அக்டோபர் 23 செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. தீபாவளிக்கு ராத்திரி 8 மணி முதல் 10 மணி வரைக்கும்தான் வெடிக்கலாம். அந்த வாரம் வந்த எல்லாக் கட்டுரையும் அதைத்தான் சொல்லியிருக்கும், எல்லாமே சரி. 28-ம் தேதி ஞாயித்துக்கிழமை ஒருத்தர் தொகுப்பு போட்டிருந்தா "8 முதல் 10" என்றுதான் எழுதியிருப்பார். ஆனா 30-ம் தேதி, தமிழ்நாடும் புதுச்சேரியும் நேரத்தை மாத்திக்கலாம், மொத்தம் ரெண்டு மணி நேரம் தாண்டக் கூடாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, சாயங்காலம் 7 முதல் 8 என்று அறிவிச்சது. ஞாயித்துக்கிழமை சரியா இருந்த குறிப்பு, அந்த வாரக் கடைசியில நம்ம ஊருக்குத் தப்பாயிடுச்சு. அந்தக் குறிப்பை நம்பி ராத்திரி 9 மணிக்கு வெடிச்சவர் மேல போலீஸ் வழக்குப் போடலாம்.

அதனால ஒவ்வொரு லிங்க் பக்கத்துலயும் அந்தக் கட்டுரை எந்தத் தேதியில வந்ததுன்னு எழுதறேன். நான் தொகுப்பு போட்ட தேதி போதாது. அப்புறம், மாறினா ரெண்டு இடத்துல திருத்தம். பழைய தொகுப்புல அந்தக் குறிப்புக்குக் கீழ தேதியோட ஒரு வரி. புதுத் தொகுப்புல மேலயே, முதல் லிங்க்குக்கு முன்னாடி ஒரு வரி. பழைய குறிப்பைச் சத்தமில்லாம மாத்தி எழுதக் கூடாது. ஏற்கனவே அதைப் படிச்சவர் திரும்ப வந்து பார்க்க மாட்டார். அவருக்குத் தெரியணும்னா அடுத்த வாரம் கண்ணுல படுற இடத்துல இருக்கணும்.

விபத்துச் செய்தியில தேதி இன்னும் முக்கியம். காயம்பட்டவங்க ஆஸ்பத்திரியில இறந்து போறப்போ எண்ணிக்கை கூடும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தைப் பத்தித் தேடினா, முதல் நாள் செய்தியில ஒரு எண், பிறகு வந்ததுல வேற எண். நான் குறிப்புல எண் போட்டா "இந்தக் கட்டுரை வெளிவந்த அன்று" என்று சேர்ப்பேன். பெரும்பாலும் எண்ணே போட மாட்டேன். விபத்து வாரத்துல என் தொகுப்புல படங்கள் அடுக்கின பக்கத்துக்கு லிங்க் இருக்காது. அந்த ஆலையில எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் இருந்தாங்க, உள்குத்தகை இருந்ததாங்கிற கேள்வியைக் கேட்ட ஒரே ஒரு கட்டுரை போதும். பெரும்பாலும் அது விபத்து நடந்த வாரம் வராது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு வரும். வாராந்திரம்னா அந்த வாரம் எழுதினதைத்தான் போடணும்னு விதி இல்லை. அந்த வாரம் நான் படிச்சது, அவ்வளவுதான்.

லிங்க்கோட தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம். நான் சாப்ட்வேர் ஆள்ங்கிறதால இதைச் சொல்லாம விட முடியாது; மூணே மூணு விஷயம்.

பகிர்ந்து வர்ற முகவரியில பின்னாடி ஒரு வால் இருக்கும். யார் எங்க இருந்து வந்தாங்கன்னு கணக்கு வைக்கிறதுக்கானது. உதாரணத்துக்கு:

```
https://example.com/news?id=4127&utm_source=whatsapp&utm_medium=social
https://example.com/news?id=4127
```

முதல் வரியில இருக்கிற `utm_` பகுதிகளை எடுத்துட்டு ரெண்டாவது மாதிரி கொடுக்கணும். கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டு வெட்டாதீங்க. சில தளங்கள்ல கட்டுரையோட எண்ணே அங்கதான் இருக்கும், மேல `id=4127` மாதிரி. வெட்டின பிறகு பிரைவேட் விண்டோவுல ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. நீங்க சந்தா கட்டி லாகின் ஆகியிருந்தா உங்களுக்குத் திறக்கும், வாசகருக்குத் திறக்காது. அதுவும் அப்பவே தெரிஞ்சிடும். திறக்கலைன்னா குறிப்புல "சந்தா தேவை" என்று எழுதிடணும்.

ரெண்டாவது, தீர்ப்பு மாதிரி நீளமான பிடிஎஃப். பல பக்கம் இருக்கிற கோப்பைக் கொடுத்து "படிங்க"ன்னா யாரும் படிக்க மாட்டாங்க. முகவரி கடைசியில `#page=12` மாதிரி சேர்த்தா கணினி பிரவுசர்ல நேரா அந்தப் பக்கம் திறக்கும். போன்ல பல நேரம் கோப்பு இறங்கி முதல் பக்கத்துலதான் நிக்கும். அதனால குறிப்புலயும் "பக்கம் 12" என்று எழுத்துல எழுதணும்.

மூணாவது, செத்துப்போற லிங்க். தொகுப்பு போடுற அன்னைக்கே `web.archive.org` தளத்துல அந்தப் பக்கத்தோட ஒரு பிரதியைச் சேமிச்சு வெச்சுக்கறேன். வாசகருக்குக் கொடுக்கிறது மூல லிங்க்தான். எழுதினவருக்கும் பத்திரிகைக்கும் வாசகர் போய்ச் சேரணும். மூலம் செத்தா மட்டும் பிரதியைப் போடுவேன்.

கடைசியா ஒரு சிக்கல். இதுக்கு முழுத் தீர்வு என்கிட்ட இல்லை, நான் எங்க கோடு போடுறேன்னு மட்டும் சொல்றேன். குறிப்பு ரொம்ப நல்லா இருந்தா, வாசகர் கட்டுரையைத் திறக்கவே மாட்டார். வெயில்ல அலைஞ்சு எழுதினவருக்கு வர வேண்டிய வாசகரை நான் வழியில நிறுத்திட்டதா ஆகும். காப்புரிமைச் சட்டம், 1957-ம் வருஷத்தது, அதோட 52-வது பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவு பயன்படுத்த இடம் கொடுக்குது. ஆனா சட்டத்துக்கு முன்னாடியே இது மரியாதை சம்பந்தப்பட்டது. கட்டுரை எந்தக் கேள்வியைக் கேக்குது, எந்த இடத்துல அது பலமா இருக்குன்னு சொல்வேன். பதிலுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார், யாரைச் சந்திச்சார், அவங்க என்ன வார்த்தையில சொன்னாங்கங்கிறதைத் தொட மாட்டேன். அது அவரோட உழைப்பு, அவர் பக்கத்துலயே படிக்கட்டும்.

இதுக்கு ஒரே ஒரு விலக்கு. ஒருத்தரோட வேலை, பணம், உயிர் சம்பந்தப்பட்ட வரி இருந்தா, அதை மறைச்சு வெச்சு "உள்ளே படிங்க"ன்னு சொல்ல மாட்டேன். எந்த உப்புக்குத் தடை, எந்த நேரம், எந்தத் தேதி, இதெல்லாம் குறிப்புலயே முழுசா இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றப்போ, டேட்டா தீர்ந்துபோன போன்ல, அந்த அக்கா என் குறிப்பை மட்டும்தான் பார்ப்பாங்க. அது தனியாவே சரியா இருக்கணும்.

அந்த 2021 தொகுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு. மூணு வரிக் குறிப்பும் இருக்கு, அதுக்குக் கீழ தேதி போட்டு, பேரியம் பத்தின திருத்தமும் இருக்கு. 2023 செப்டம்பர்ல, பேரியம் சேர்க்க அனுமதி கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் நிராகரிச்சப்போ, அதைப் பத்தின கட்டுரையைத் தொகுப்புல வெச்சேன். போடறதுக்கு முன்னாடி குறிப்பை அந்த அக்காவுக்கு அனுப்பினேன். பதில் ஒரு வரியில வந்தது: "இப்பப் படிச்சுட்டுத்தான் எழுதியிருக்க."

இந்த வாரத் தொகுப்பு வழக்கம்போல ஞாயித்துக்கிழமை. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.